40 லட்சம் ரீஃப்ரெஷ் கிராண்ட்: கையில் எவ்வளவு நிற்கும்?

நிலாச்சோறு: என் கம்பெனியில் சம்பள உயர்வுக்குப் பதிலா, இருக்கற ஊழியர்களுக்குக் கூடுதலா ஆப்ஷன் தர்ற ரீஃப்ரெஷ் கிராண்டில் 8,000 ஆப்ஷன் தர்றாங்க. ஒரு ஆப்ஷனைப் பங்கா மாத்த நான் கட்டவேண்டிய எக்சர்சைஸ் விலை 100 ரூபாய். கடைசி முதலீட்டு ரவுண்டில் பங்கு 500 ரூபாய்க்குப் போச்சாம், அதனால 40 லட்சம்னு கடிதத்தில் போட்டிருக்காங்க. நம்பலாமா?

ரயிலடி: புதுப் பங்கு வர்றப்போ உங்க சதவீதம் சுருங்கற டைல்யூஷனைத்தான் பார்க்கணும். அடுத்த ரவுண்டுக்கு அப்புறம் புது ஆளுங்க கையில் 20% இருந்தா, உங்க பங்கு இப்போ 0.04%னு வச்சா அது 0.032% ஆயிடும். அதை ஈடுகட்டத்தான் ரீஃப்ரெஷ்.

கணக்குப்பிள்ளை: சதவீதம் சுருங்கும், ஆனா புதுப் பணமும் உள்ளே வருதே. 500க்கு மேல விலை போட்டு வாங்கினா உங்களுக்கு நட்டமில்லை. கடிதத்தில் நீங்க கட்டவேண்டிய 8 லட்சத்தைக் கழிக்கவே இல்லை, அது முதல் கோளாறு. பெரிய கோளாறு, 500ங்கறது கம்பெனி விலைபோனா போட்ட பணத்தை முதல்ல எடுத்துக்கற முன்னுரிமைப் பங்கின் விலை. உங்களுக்கு வர்றது சாதாரணப் பங்கு.

மொத்தம் 2 கோடி பங்கு, அதில் 40% முதலீட்டாளர்கள் கையில், அவங்க போட்டது 300 கோடினு வச்சுக்குங்க. கம்பெனி 500 கோடிக்கு விலைபோனா 40% வெறும் 200 கோடி. அதனால போட்ட 300 கோடியை முதல்ல எடுத்துப்பாங்க. மீதி 200 கோடி 1.2 கோடி பங்குக்கு, பங்குக்கு சுமார் 167 ரூபாய். உங்க லாபம் 5.3 லட்சம், வரிக்கு முன்னாடி. 400 கோடிக்கு விற்றா பங்குக்கு 83 ரூபாய். 100 கொடுத்து யார் வாங்குவா?

ஊர்க்குருவி: நான் போன மாசம் வேலையை விட்டேன். 90 நாளுக்குள்ள எக்சர்சைஸ் பண்ணணுமாம். லிஸ்டான கம்பெனி பங்காவே தர்ற ஆர்எஸ்யு மாதிரி வித்துக்கலாம்ல?

கணக்குப்பிள்ளை: வாங்க ஆளில்லாத பங்கு அது. மெர்ச்சன்ட் பேங்கர் 300 ரூபாய்னு மதிப்பிட்டா, உங்களுக்கும் 100 ரூபாய் விலையில் 8,000 ஆப்ஷன்னா, 16 லட்சம் வித்தியாசம் சம்பள வருமானமாகும். 30% வரி, செஸ் சேர்த்து 5 லட்சம்; எக்சர்சைஸ் பணம் 8 லட்சம் வேற. விற்காமலேயே 13 லட்சம் கையைவிட்டுப் போகும்.

ரயிலடி: உங்க கணக்கில் ஓட்டை இருக்கு. எல்லா முதலீட்டாளரும் ஒரே மாதிரி எடுக்க மாட்டாங்க. ஆரம்பத்தில் 10 கோடி போட்டு 10% வச்சிருக்கறவர் சாதாரணப் பங்கா மாத்திக்குவார்.

கணக்குப்பிள்ளை: சரிதான். ஆனா அது உங்க பக்கம் சாதகமில்லை. 500 கோடியில் மத்தவங்க 290 எடுத்தா மீதி 210 கோடி, 1.4 கோடி பங்குக்கு. 167 இல்ல, 150தான்.

நிலாச்சோறு: இந்த எண்களைக் கேட்டா ரகசியம்ங்கறாங்க.

ரயிலடி: கம்பெனி விவகார அமைச்சகத்தோட எம்சிஏ தளத்தில் சிறு கட்டணம் கட்டி PAS-3 படிவங்களை எடுங்க. எந்த விலைக்கு எத்தனை பங்கு ஒதுக்கினாங்கனு இருக்கும். முன்னுரிமை நிபந்தனைகளுக்குக் கம்பெனியோட விதிகளான ஆர்ட்டிகிள்ஸைப் பாருங்க. ஊழியர்களுக்குன்னு ஒதுக்கி வச்ச ஆப்ஷன் பூல் எவ்வளவுனு மட்டும் முழுசா தெரியாது.

கணக்குப்பிள்ளை: அதுவும் தெரியலைன்னா, அந்தக் கடிதத்தில் உள்ள 8,000 எதுக்குள்ள 8,000னு சொல்லவே முடியாது. சம்பள உயர்வை விடமாட்டேன் நான்.

ரயிலடி: கம்பெனி 2,000 கோடிக்குப் போனா?