விளக்கும் முகமும் ஒரே காட்சியில் வர மறுக்கின்றன, உதவி தேவை

சித்தூர் மருமகள்: பாலக்காட்டுச் சித்தூரில் பழைய ஓட்டு வீடு. மாமியாரின் காலைப் பூஜையைத் தினமும் 30 விநாடி ரீலாக எடுக்கிறேன். போன் மட்டும்தான், மின்விளக்கு போடுவதில்லை. கோலம், திரி போடுதல், விளக்கேற்றுதல், கைகூப்பிய முகம், மணி, கற்பூரம் என ஆறு காட்சிகள். நடக்கிற வரிசையிலேயே 6 மணிக்குத் தொடங்குகிறேன். முகம் கறுத்துவிடுகிறது. திரையில் முகத்தைத் தொட்டால் சுடர் வெள்ளைத் திட்டாகிறது. அவர் கை சுடரை மறைத்தால் படமே திடீரென்று வெளுக்கிறது.

ஓய்வுபெற்ற தபால்காரர்: முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தை மேலே ஏற்றுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

கொழிஞ்சாம்பாறை கல்யாண வீடியோக்காரர்: ஐயா சொல்வதில் பாதி சரி. முகம் தெரியும், சுடர் போய்விடும். இருட்டறையில் சுடருக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த போனும் தாங்காது. ஆகவே பூஜை வரிசையை விட்டுவிட்டு வெளிச்சத்தின் வரிசையில் எடுங்கள். சுடரை மட்டும் காட்டும் நெருக்கக் காட்சியை 6 மணி இருட்டிலேயே எடுத்துவிடலாம். முகமும் விளக்கும் சேர்ந்த காட்சிக்கு, தை மாதத்தில் சூரியன் உதித்து அரைமணி நேரம் ஆகட்டும், 7.15 போல. ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் பக்கவாட்டில் விழுந்தால் முகத்தின் வெளிச்சமும் சுடரின் வெளிச்சத்தை நெருங்கி வரும். கோலத்தையும் அப்போதே எடுங்கள்.

திடீரென்று வெளுப்பது, போன் தானாக வெளிச்ச அளவை மாற்றுவதால். விளக்கின் பித்தளைத் தண்டைத் திரையில் அழுத்திப் பிடித்தால் அந்த அளவுக்குப் பூட்டு விழும். பிறகு விரலைக் கீழே இழுத்து, சுடரின் விளிம்பு மஞ்சளாகத் தெரியும் வரை குறையுங்கள். இடம் மாறினால் மறுபடியும் பூட்ட வேண்டும்.

நகரிப் பையன்: எங்கள் வீட்டில் பாட்டு வைத்தால் ரீல் ஊமையாகிவிடுகிறது. அதற்கும் இதே வழியா?

வீடியோக்காரர்: அது பாட்டு உரிமைப் பிரச்சினை தம்பி, வேறு கதை.

சித்தூர் மருமகள்: மாமியார் 6 மணிக்கு ஒரு முறைதான் ஏற்றுவார், எனக்காக மறுபடி ஏற்ற மாட்டார். கிழக்கு ஜன்னலைத் திறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சுடரைப் படுத்தி எடுக்கிறது.

வீடியோக்காரர்: ஏற்றுகிற கையை மட்டும் 6 மணிக்கு எடுங்கள். எரியும் விளக்கின் முன் அவர் கைகூப்புவதை 7.15க்கு எடுத்தால் போதும், அதே புடவையில். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். காற்றும் தணியும், வெயிலும் மென்மையாகும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்.

சித்தூர் மருமகள்: இன்று செய்து பார்த்தேன். முகம், சுடர் இரண்டும் கிடைத்தன. வேட்டி கட்டியதற்கு மாமனார் முறைத்தார். கற்பூரம் மட்டும் இன்னும் வெள்ளைத் திட்டுதான்.

தபால்காரர்: கற்பூரத்தைக் காட்டாமல், ஒற்றிக்கொள்ளும் கைகளைக் காட்டலாமே?

வீடியோக்காரர்: நல்ல யோசனை ஐயா. ஆனால் சுடரைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் எனக்கும் இன்னும் வழி தெரியவில்லை.