ஆட்டுத் தொடை ரோஸ்ட்: ஓவனை விட்டு எடுத்த பிறகும் சூடு ஏறிக்கிட்டே போகுது, உதவி!

செல்வி_கு: முழுத் தொடை ரோஸ்ட் செஞ்சேன். நடுவுல இளஞ்சிவப்பா இருக்கணும்னு 54 டிகிரியில வெளிய எடுத்து, ஃபாயில் சுத்தி 20 நிமிஷம் வெச்சேன். வெட்டுறப்போ 64! உள்ளே பூரா சாம்பல் நிறம். ஞாயித்துக்கிழமை மறுபடி செய்யணும், விருந்தாளி வர்றாங்க. எத்தனைல எடுக்கணும்?

மதுரைப்பாண்டி: ஆட்டுக்கால் குக்கர்ல பத்து விசில் விட்டாதான் வேகும். சூடெல்லாம் யாரு பாக்குறா?

கரிஅடுப்பு: பாண்டி, அது பாயாவுக்கு. இவங்க கேக்குறது பின்தொடை. செல்வி, எப்பவும் 5 டிகிரிதான் ஏறும். 10 ஏறியிருந்தா தெர்மாமீட்டர்தான் கோளாறு.

பழைய_உறுப்பினர்: எத்தனை கிலோ, எலும்போடயா, ஓவன் எத்தனை டிகிரி, ஃபேன் உண்டா? எதுவும் சொல்லாம பதில் கேட்டா எப்படி? எத்தனை தடவை சொல்றது இங்க.

செல்வி_கு: மன்னிக்கணும். 2.3 கிலோ, எலும்போட. 220, ஃபேன், கடைசி வரைக்கும். எடுத்து அந்த ட்ரேயிலேயே வெச்சேன்.

நளன்_வாரிசு: அப்ப 10 ஏறினதுல ஆச்சரியமே இல்லைங்க. எவ்வளவு ஏறும்னு முடிவு பண்றது ஓவன் சூடும் கறியோட பருமனும்தான். 220ல வெந்த தொடையில நடு 54ஆ இருக்கும்போது, வெளிப்பக்கம் அதை விட ரொம்பச் சூடா இருக்கும். அந்தச் சூடு வெளிய வந்த பிறகும் உள்நோக்கிப் போகுது. 120ல மெதுவா வேகவெச்சா 2, 3 டிகிரிதான் ஏறும். கரிஅடுப்பு சொன்ன 5 நடுத்தரச் சூட்டுக்குச் சரி.

ஞாயித்துக்கிழமைக்கு: முதல் 15 நிமிஷம் 220, நிறம் வரட்டும். பிறகு 150க்குக் குறைச்சிடுங்க. தெர்மாமீட்டர் ஊசி பருமனான இடத்துல, எலும்பைத் தொடாம இருக்கணும். தொட்டா தப்பான எண் காட்டும். 51ல எடுங்க. சூடான ட்ரேயை விட்டு உடனே மரப்பலகைக்கு மாத்துங்க, அடியில வேகுறது நிக்கும். ஊசியை உருவாதீங்க. எண் ஏறி, நின்னு, ரெண்டு மூணு டிகிரி இறங்கினதும் வெட்டுங்க. 25, 30 நிமிஷம் ஆகும்.

கரிஅடுப்பு: ஃபாயில் போடாட்டி ஆறிடும்.

நளன்_வாரிசு: இந்தப் பருமன் அரை மணியில ஆறாது. இறுக்கிச் சுத்தினா ஆவி அடைபட்டு மொறுமொறுப்பு போயிடும், சூடும் கூடுதலா ஏறும்.

கரிஅடுப்பு: தளர்வா மூடினா ஒண்ணும் ஆகாது. ஏசி அறையில வெச்சுப் பாருங்க, மேல சில்லுனு ஆயிடும்.

பழைய_உறுப்பினர்: முதல்ல எந்த ஆடுன்னு கேளுங்க. முத்தின வெள்ளாட்டுத் தொடைன்னா 57ல ரப்பர் மாதிரி இழுக்கும். அதுக்கு மூடி வெச்சு, 90 தாண்டி வேகணும். இந்தக் கணக்கெல்லாம் இளம் செம்மறிக்கு மட்டும்.

நளன்_வாரிசு: உண்மை. அதை நான் முதல்லயே கேட்டிருக்கணும்.

செல்வி_கு: இளம் செம்மறிதான். 51ல எடுத்தேன், 56ல நின்னுச்சு. பலகையில சாறு போன தடவையில பாதி கூட இல்ல. எலும்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் பச்சையா இருந்துச்சு, ஏன்?