குரலோடு எழுத்து சரியாக வந்து விழ என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். டெங்கு விழிப்புணர்வுக் காணொளி ஒன்றை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்துகொண்டிருக்கிறேன். நொடிக்கு 25 ஃபிரேம். ‘தேங்கிய தண்ணீரை உடனே கொட்டுங்கள்’ என்று குரல் சொல்லும்போது, ‘கொட்டுங்கள்’ திரையில் சட்டென்று பெரிதாகி நிற்க வேண்டும்.

அலைவடிவத்தில் ‘கொ’ வெடிக்கும் இடத்தில் அசைவைத் தொடங்கினால், எழுத்து முழு அளவை எட்ட 8 ஃபிரேம், அதாவது 0.32 நொடி ஆகிறது. அதற்குள் குரல் முந்திக்கொள்கிறது. 8 ஃபிரேம் முன்னதாகத் தொடங்கினாலோ, சொல்வதற்கு முன்பே படித்துவிட முடிகிறது, அழுத்தமே போய்விடுகிறது. அசைவை 5 ஃபிரேமாகச் சுருக்கி, 3 ஃபிரேம் முன்னே தள்ளியதும் ‘கொட்டுங்கள்’ கச்சிதமாகப் பொருந்தியது.

சிக்கல் ‘உடனே’யில்தான். முந்தைய சொல்லின் ‘ரை’யோடு குரல் இழைந்து வருவதால், அலைவடிவத்தில் ‘உ’வின் தொடக்கமே தெரியவில்லை. இத்தகைய சொற்களுக்கு மார்க்கரை எங்கே வைக்கிறீர்கள்? ‘ட’வில் வைக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.