வயர்கார்டு டனல்ல சில சைட் மட்டும் தொங்குது, அவசரம்

மாடிவீடு: நேத்து ரௌட்டர்ல வயர்கார்டு போட்டேன். மறுமுனை என் வாடகை சர்வர். யூடியூப் நல்லா ஓடுது, பேங்க் சைட்டும் வரி கட்டற சைட்டும் சுத்திக்கிட்டே நிக்குது. நாளைக்குக் கடைசி தேதி, ப்ளீஸ்.

பனங்காடு: டிஎன்எஸ் தாங்க. 8.8.8.8 போடுங்க.

தறிமேடை: எந்த ரௌட்டர், எம்டியூ எவ்வளவு, எதுவும் சொல்லாம கேட்டா? இந்தக் குழுவுல இதை நூறு தடவை சொல்லியாச்சு. லேப்டாப்ல `curl -v` போட்டு எந்த வரியில நிக்குதுன்னு காட்டுங்க.

மாடிவீடு: சாரி. லினக்ஸ் ரௌட்டர், wg0-ல 1420. டிஎன்எஸ் மாத்தியும் அதேதான். இங்க நிக்குது:

```
TLS handshake, Client hello (1):
```

சின்னமணி: எனக்கும் மொபைல் டேட்டால ராத்திரியானா யூடியூப் நிக்குதுங்க. இதே பிரச்சனையா?

தறிமேடை: இல்ல. தனி இழை போடுங்க.

பனங்காடு: அப்போ எம்டியூ. wg0-ல 1280 வைங்க, சரியாயிடும்.

மாடிவீடு: வெச்சாச்சு, மாறல. ஆனா போன்ல வயர்கார்டு ஆப் போட்டு அதே சர்வருக்குப் போனா எல்லா சைட்டும் வருது!

கலங்கரை: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. போன்ல டனல் போன்லயே இருக்கு, அதனால சின்ன பாக்கெட் போதும்னு அதுவே சைட்டுகிட்ட சொல்லிடுது. உங்க லேப்டாப்புக்கு டனல் இருக்கறதே தெரியாது. வைஃபைல 1500 பார்த்துட்டு எம்எஸ்எஸ் 1460-ன்னு சொல்லுது. சைட் சர்டிபிகேட்டை 1500 பைட் பாக்கெட்டா அனுப்புது. உங்க வாடகை சர்வரால அதை 1420-க்குள்ள நுழைக்க முடியல, உடைக்கவும் கூடாதுன்னு பாக்கெட்லயே குறி இருக்கு. அதனால "பெரிசா இருக்கு"ன்னு சைட்டுக்கு ஐசிஎம்பி திருப்பி விடுது. அதை மதிக்கற சைட் குறைச்சு அனுப்பும், ஃபயர்வால்ல அடைச்ச சைட் அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பும். சின்ன ஹலோ போய்ச் சேர்ந்தும் பதில் வராதது அதனாலதான். 1280 வெச்சாலும் லேப்டாப் சொல்ற 1460 மாறாது. 1420-க்கே திருப்பிட்டு ரௌட்டர்ல இதைப் போடுங்க:

```
iptables -t mangle -A FORWARD -o wg0 -p tcp \
 --tcp-flags SYN,RST SYN -j TCPMSS --clamp-mss-to-pmtu
```

இனி 1460 போற வழியிலேயே 1380 ஆயிடும். யூடியூப் பிரவுசர்ல பெரும்பாலும் க்விக்ல, யூடிபி மேல ஓடும். பாக்கெட்டும் சின்னது, அதான் தப்பிச்சுது.

பனங்காடு: ஐசிஎம்பி அடைக்கறது பாதுகாப்புக்குத்தானே? எங்க ஆபீஸ்ல மொத்தமா அடைச்சிருக்கோம்.

தறிமேடை: பிங்கை வேணும்னா அடைங்க. "பெரிசா இருக்கு"ன்னு சொல்ற டைப் 3 கோட் 4-ஐயும் சேர்த்து அடைச்சா இவரை மாதிரி எத்தனை பேர் காரணம் தெரியாம தவிக்கணும்?

பனங்காடு: ஆடிட்ல கேட்கறாங்க சார், நான் என்ன பண்ண?

தறிமேடை: ஆடிட்டர்கிட்ட இந்த இழையைக் காட்டுங்க.

மாடிவீடு: வந்துடுச்சு!! வரி கட்டிட்டேன். கலங்கரை அண்ணா, ரொம்ப நன்றி. ஆபீஸ் விபிஎன் மட்டும் இன்னும் தொங்குது.

கலங்கரை: அது யூடிபியா? ஆமான்னா இந்த ரூல் அதைத் தொடாது, லேப்டாப்ல விபிஎன் எம்டியூவையே குறைக்கணும். லேப்டாப்ல இருந்து `ping -M do -s 1392` வெளிய ஒரு ஐபிக்குப் போகுதா, 1393 அடிபடுதான்னு பாருங்க.

கலங்கரை: பார்த்தீங்களா தம்பி?