புதுப்பிப்பு: பாண் துண்டு வைத்து பேக்கிங் அவனின் சூட்டைப் பார்த்தேன்

முன்பு கேட்டது: "பிஸ்கட் ஒரு பக்கம் மட்டும் கருகுது, அவன் பழுதாப் போச்சா?"

காத்தான்குடியில் பேக்கரி வைத்திருக்கும் நானா சொன்னபடி, 180 பாகையில் அரை மணித்தியாலம் சூடேற விட்டேன். அவசரப்பட்டு வைத்தால் கொயில் சிவந்து நிற்கும், பாணும் பொய் சொல்லும். நடுக் கம்பித் தட்டை மறைத்துத் துண்டுகளை அடுக்கி, எட்டு நிமிடத்தில் அதே ஒழுங்கில் மேசையில் எடுத்து வைத்துப் படம் பிடித்தேன். பின் இடது மூலை கடும் மண்ணிறம், கதவோரம் வெள்ளை.

"ஃபேன் இருந்தால் இது வராது" என்றவர் பாதி சரி, என்னுடையதிலும் ஃபேன் இருக்கிறது, வித்தியாசம் குறையுமே தவிர மறையாது. மைக்ரோவேவில் செய்யலாமா என்று கேட்ட அக்கா, அதில் பாண் சிவக்காது.

இப்போது 14 நிமிட பிஸ்கட்டை எட்டாவது நிமிடத்தில் ட்றேயோடு முன்பின்னாகத் திருப்புகிறேன், நிறம் ஓரளவு ஒத்து வருகிறது. பட்டர் கேக்கை மட்டும் நடுப்பகுதி இறுகும் வரை தொடுவதில்லை, முந்தித் திறந்தால் அமுங்கிவிடும்.

துண்டுகளைப் புரட்டினால் அடிப்பக்கம் எல்லாமே கூடச் சிவந்திருக்கிறது, அது திருப்பித் தீராது. தட்டை ஒரு படி உயர்த்தச் சொல்கிறார் நானா, இன்னும் பார்க்கவில்லை.