21 மில்லியன் டாலர்: அபராதமா, அனுமதியா?

ஈசூன் குமரன்: இணையச் சூதாட்டத்தை அமெரிக்கா தடுத்ததென்று உலக வர்த்தக அமைப்பில் போட்ட வழக்கில் குட்டிக் கரீபியன் தீவு நாடான அன்டிகுவா ஜெயித்தது. அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 21 மில்லியன் டாலர் அபராதம் விழுந்தது. இன்றுவரை கட்டவில்லை. அப்புறம் எதற்கு அந்த அமைப்பு?

தெம்பனிஸ் செல்வி: அபராதம் என்று எந்த ஆவணத்தில் படித்தீர்கள்? யாரையும் பணம் கட்டச் சொல்லும் அதிகாரமே அங்கே கிடையாது. அமெரிக்காவுக்கு எதிரான தீர்ப்பு அறிக்கை 2005 ஏப்ரலில் ஏற்கப்பட்டது. சட்டத்தைத் திருத்தக் கொடுத்த அவகாசம் 2006 ஏப்ரல் 3இல் முடிந்தது. திருத்தவில்லை என்று 2007இல் இன்னொரு குழு உறுதி செய்தது. அதற்குப் பிறகுதான் நடுவர்கள் அந்த 21 மில்லியனைச் சொன்னார்கள். ஆண்டுக்கு அந்த மதிப்புவரை அன்டிகுவா வர்த்தகத்தில் பதிலடி கொடுக்கலாம், அவ்வளவுதான். அன்டிகுவா கேட்டதோ 3.4 பில்லியனுக்கு மேல். இணையக் குதிரைப் பந்தயத்தை மட்டும் திறந்துவிட்டாலே அமெரிக்காவின் கடமை தீர்ந்திருக்கும் என்று கணக்கிட்டதால்தான் தொகை அப்படிச் சுருங்கியது.

ஈசூன் குமரன்: பெயர் எதுவானால் என்ன, பாக்கி பாக்கிதான். பருத்தி மானிய வழக்கில் பிரேசில் அமெரிக்காவிடம் ஆண்டுக்கு 147.3 மில்லியன் வாங்கவில்லையா?

தெம்பனிஸ் செல்வி: வாங்கியது, ஆனால் தீர்ப்பு கொடுத்த பணமில்லை அது. எந்தெந்த அமெரிக்கப் பொருளுக்கு வரியை ஏற்றுவோம் என்று பிரேசில் பட்டியலே போட்டுவிட்டது. அதை நிறுத்திவைக்க 2010இல் இருவரும் பேசி முடித்த தொகை அது. பிரேசில் பெரிய சந்தை, மிரட்டல் எடுபட்டது. அன்டிகுவா வரியை ஏற்றினால் அதன் மக்கள்தான் கூடுதல் விலை கொடுப்பார்கள். அதனால்தான் அமெரிக்கர்களின் காப்புரிமை, பதிப்புரிமைமீது கைவைக்க அனுமதி கேட்டது. 2013 ஜனவரியில் கிடைத்தது. கையில் அனுமதி இருக்கிறது, அமெரிக்கச் சட்டம் அசையவில்லை.

பிடோக் வணிகர்: ஒரு நாட்டுச் சுங்கம் எங்கள் மசாலாக் கண்டெய்னரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஜெனீவாவில் இருக்கும் அந்த அமைப்பில் மனுப் போட எவ்வளவு ஆகும்?

தெம்பனிஸ் செல்வி: அங்கே அரசாங்கங்கள் மட்டும்தான் வழக்காட முடியும், அண்ணே. வர்த்தக, தொழில் அமைச்சுக்கு எழுதுங்கள்.

ஈசூன் குமரன்: 1995இல் நம் சிங்கப்பூரே மலேசியாவை ஜெயித்ததே?

ஜூரோங் மணி: யார் ஜெயித்தது? பிளாஸ்டிக் மூலப்பொருள் வழக்கு அது, அந்த அமைப்பின் முதல் வழக்கு. ஜூலையிலேயே நாம் திரும்பப் பெற்றுவிட்டோம், குழு அறிக்கையே வரவில்லை.

ஈசூன் குமரன்: அதை விடுங்கள். 21 மில்லியனுக்குப் பதில் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் செல்வி: சொல்லியாயிற்று. இப்போது நிலைமை இன்னும் மோசம். 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பில் வழக்கை விசாரிக்கப் போதிய ஆளில்லை. தோற்ற நாடு மேல்முறையீடு செய்தாலே அறிக்கை ஏற்கப்படாமல் நிற்கும், அவகாசமே ஓடத் தொடங்காது. நிக்கல் தாது ஏற்றுமதித் தடை வழக்கில் இந்தோனேசியா 2022இல் அதைத்தான் செய்தது. அந்த மேல்முறையீட்டுக்குப் பதிலாகச் சில நாடுகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட மாற்று நடுவர் ஏற்பாட்டில் சிங்கப்பூர் சேர்ந்திருக்கிறது, அமெரிக்காவும் இந்தோனேசியாவும் சேரவில்லை.

ஜூரோங் மணி: அப்படியானால் அவர்கள்மீது நாம் வழக்குப் போட்டு என்ன பயன், செல்வி?

ஈசூன் குமரன்: அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன். 21 மில்லியன் வரவில்லை.

தெம்பனிஸ் செல்வி: வர வேண்டிய பணமே இல்லை, குமரன்!