விசைப்படச் சரிபார்ப்புப் பட்டியல்: "சென்ஸ்" என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

குழுவினருக்கு வணக்கம்.

முதலாண்டு மாணவர்களுக்கு நான் எடுக்கும் இயக்கவியல் வகுப்பு ஒன்றை ஒரே பக்கச் சரிபார்ப்புப் பட்டியலாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். தனித்த பொருளின் விசைப்படத்தை வரைந்து முடித்ததும் மாணவர் தன் படத்தைத் தானே சோதித்துப் பார்ப்பதற்கான பட்டியல் அது. ஃப்ரீ பாடி டயகிராமுக்கு விசைப்படம் என்றே போட்டிருக்கிறேன், அதில் எனக்குச் சிக்கல் இல்லை. இடிக்கிற இடம் வேறு.

சாய்தளத்தில் உள்ள கட்டையின் மீது உராய்வு தளத்தின் வழியே செயல்படும் என்பதில் மாணவர்கள் தவறுவதில்லை. தளத்தின் வழியே மேலேயா, கீழேயா என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதைச் சரியாக வரைந்த சிலரும் சமன்பாட்டுக்கு வரும்போது ப்ளஸ் போட வேண்டிய இடத்தில் மைனஸ் போடுகிறார்கள். இவை வேறு வேறு தவறுகள். ஆனால் பட்டியலில் "திசையைச் சரிபார்" என்று எழுதினால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. "தளத்துக்கு இணையாகத்தானே வரைந்திருக்கிறேன், திசை சரி" என்று டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

விசை எந்தக் கோட்டில் செயல்படுகிறது என்பதைச் செயற்கோடு என்கிறோம். ப்ளஸ், மைனஸைக் குறி என்கிறோம். இரண்டுக்கும் நடுவில், அந்தக் கோட்டில் அம்பின் தலை எந்தப் பக்கம் என்பதை ஆங்கிலத்தில் சென்ஸ் என்கிறார்களே, அதற்குப் "போக்கு" என்று வைக்கலாமா?

ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்:

அம்மா, போக்கு நல்ல சொல்தான். ஆனால் இவ்வளவு பிரிக்க வேண்டுமா? ட்ரஸ் கணக்கில் எல்லா உறுப்புகளும் இழுவிசையில் இருப்பதாகவே வைத்து அம்புகளை வரைவோம். விடை மைனஸில் வந்தால் அந்த உறுப்பு அமுக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அம்பை எந்தப் பக்கம் போட்டாலும் கணக்கு தானாகத் திருத்திக்கொள்ளும். மாணவர்களுக்கு இந்தத் தைரியத்தைக் கொடுத்தாலே போதும், தனிச் சொல் தேவைப்படாது.

பதினோராம் வகுப்பு மாணவரின் தந்தை:

வணக்கம். குறியைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் பையன் மேல்நோக்கி ப்ளஸ் என்று வைத்துக்கொண்டு, g = −9.8 என்று எழுதினான். அப்புறம் எடை கீழ்நோக்கி என்பதால் −mg என்று போட்டான். இரண்டு மைனஸும் சேர்ந்து ப்ளஸ் ஆகி, மேலே எறிந்த பந்து வேகம் கூடிக்கொண்டே போவதாக விடை வந்துவிட்டது. எந்த மைனஸை எடுக்கச் சொல்வது?

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

ஐயா, நான் கேட்டது அம்பின் பக்கத்துக்கான சொல்லை. ஆனால் உங்கள் பையனின் சிக்கலும் இதே பட்டியலில் வர வேண்டியதுதான். g என்பதை வெறும் அளவாக, 9.8 என்றே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படத்தில் கீழ்நோக்கி அம்பு இருப்பதால் சமன்பாட்டில் எழுதும்போது ஒரு மைனஸ் வரும், அது ஒருமுறைதான். g-யிலேயே மைனஸை வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அதில் எடையை +mg என்று எழுத வேண்டும். இரண்டு வழக்கத்தையும் ஒரே கணக்கில் கலந்ததுதான் தவறு.

பொறியாளர் ஐயாவுக்கு: ட்ரஸ்ஸில் நீங்கள் சொல்வது சரி. சாய்தளத்தில் அது பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து இணைந்த கணித ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

30 பாகை சாய்தளத்தில் 4 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு உச்சியில் உள்ள உராய்வற்ற கப்பியின் மேலாகப் போய், மறுபக்கம் 3 கிலோவைத் தொங்கவிடுகிறது. g-ஐ 10 என்று எடுப்போம். ஓய்வில் உராய்வுக் குணகம் 0.25, வழுக்கும்போது 0.2.

தொங்குவதன் இழுப்பு 30 நியூற்றன். கட்டையைத் தளத்தின் வழியே கீழே இழுப்பது 20. மிச்சம் 10 நியூற்றன் கட்டையை மேலே ஏற்றப் பார்க்கிறது. தளம் கொடுக்கும் செவ்வன் மறுதாக்கம் 34.6 என்பதால் ஓய்வில் உராய்வு அதிகபட்சம் 8.7 வரைக்கும்தான் தாங்கும். ஆகவே கட்டை மேலே வழுக்கும். வழுக்கும்போது உராய்வு 6.9, தளத்தின் வழியே கீழ்நோக்கி. 10-இல் 6.9 போக மீதி 3.1, அதை 7 கிலோவால் வகுத்தால் ஆர்முடுகல், அதாவது நீங்கள் சொல்லும் முடுக்கம், ஏறத்தாழ 0.44.

இனி ஒரு பிள்ளை, கட்டை கனமானது என்பதால் அது கீழே வழுக்கும் என்று நினைத்துப் படம் வரைகிறது என்று வைப்போம். உராய்வு அம்பை மேல்நோக்கிப் போடும், கீழ்நோக்கி நேர் என்று எடுக்கும். 20-இல் 30-ஐயும் 6.9-ஐயும் கழித்தால் −16.9, ஆர்முடுகல் −2.42. "மறை வந்திட்டுது, அப்ப மேலேதான் போகுது, 2.42" என்று எழுதிவிடும். சரியான விடையைவிட ஐந்து மடங்குக்கும் மேல்! இன்னும் மோசமானது என்னவென்றால், கயிற்றின் இழுவையை 22.7 என்று கண்டுபிடித்து இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தால் ஒத்துப்போகும். பிழை படத்தில் இருப்பதைச் சமன்பாடு காட்டிக்கொடுக்காது.

காரணம் இதுதான். ட்ரஸ் உறுப்பின் விசை தெரியாத கணியம், மறை வந்தால் அது புரண்டுகொள்ளும். வழுக்கும்போது உள்ள உராய்வின் பருமனோ ஏற்கனவே தெரிந்தது. அதன் பக்கத்தை நாம்தான் முடிவுசெய்து கொடுக்கிறோம். கட்டை மறுபக்கம் போனால் அந்த அம்பும் திரும்ப வேண்டும், அதைக் கணக்கு தானாகத் திருப்பாது. ஆகவே உங்கள் பட்டியலில் ஒரு வரி அவசியம்: வழுக்கும் உராய்வு உள்ள கணக்கில், ஓய்விலிருந்து புறப்படும் பொருளுக்கு ஆர்முடுகல் மறையாக வந்தால் விடையின் குறியை மாற்றாதே, படத்தை மறுபடி வரை.

தொங்குவது 2.4 கிலோவாக இருந்தால் இன்னும் ஒரு படி உண்டு. மேலே போவதாக வைத்தாலும் மறை, கீழே போவதாக வைத்தாலும் மறை. அப்படியானால் கட்டை அசையவில்லை. உராய்வு 8.7-உம் அல்ல, 6.9-உம் அல்ல, 24-இல் 20 போக 4 நியூற்றன், அவ்வளவுதான்.

இன்னொன்று. பட்டியல் எங்கள் பக்கமும் வரும் என்றால் "நிறை" என்ற சொல்லைத் தவிருங்கள். உங்களுக்கு நிறை கிலோகிராமில், எங்களுக்கு நிறை நியூற்றனில். கிலோகிராமில் உள்ளதை நாங்கள் திணிவு என்கிறோம். "நிறையின் அம்பை வரைந்தாயா" என்ற கேள்வி எங்கள் பிள்ளைக்குச் சரியாகப் படும், உங்கள் பிள்ளையை m என்று மட்டும் எழுத வைக்கும்.

ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்:

ஆசிரியர் ஐயாவின் கணக்கை நானே தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. உராய்வுக்கு என் விதி செல்லாது என்பதை ஏற்கிறேன். தெரியாத விசைக்கு அது இன்னும் செல்லும் என்பதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ட்ரஸ் கணக்கில் பிள்ளைகள் ஒவ்வோர் அம்புக்கும் பயந்து நிற்பார்கள். அதோடு, கயிற்றின் இழுவிசை மைனஸாக வந்தால் அம்பைத் திருப்பக் கூடாது, கயிறு தொய்ந்துவிட்டது என்று பொருள். கயிறு தள்ளாதே!

அறிவியல் மொழிபெயர்ப்பாளர்:

உரையாடலைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்குப் "போக்கு" என்ற சொல்லில்தான் தடை. போக்கு என்றதும் போவது நினைவுக்கு வருகிறது. "உராய்வின் போக்கு என்ன" என்று கேட்டால், பொருள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அதற்கு எதிராக அம்பைப் போட்டுவிடுவார்கள்.

லாரித் தட்டில் ஒரு பெட்டி, கட்டப்படாமல் இருக்கிறது. லாரி வேகமெடுக்கிறது, பெட்டியும் வழுக்காமல் கூடவே முன்னால் போகிறது. பெட்டியை முன்னால் தள்ளுவது தட்டு கொடுக்கும் உராய்வு மட்டும்தான். பெட்டி 20 கிலோ, முடுக்கம் 1.5 என்றால் முன்னோக்கி 30 நியூட்டன். பெட்டியின் போக்கும் முன்னால், உராய்வும் முன்னால். "எதிர்ப்போக்கு" என்று மனப்பாடம் செய்தவர் இங்கே பின்னோக்கி வரைவார். உராய்வு எதிர்ப்பது தட்டின் மேல் வழுக்குவதைத்தான், சாலையில் போவதை அல்ல.

அதனால் "முகம்" என்ற சொல்லை முன்வைக்கிறேன். கிழக்கு முகமாக, மேல்முகமாக என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அசையாமல் நிற்கும் பொருளுக்கும் முகம் உண்டு. அம்பின் முகம் என்றால் படத்திலேயே கண்ணில் படும்.

யாழ்ப்பாணத்து இணைந்த கணித ஆசிரியர்:

முகம் என்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனவுருவின் முகம் என்று கேத்திர கணிதத்தில் ஏற்கனவே படித்திருக்கிறார்கள். "கட்டையின் முகத்தில் செயல்படும் விசையின் முகம்" என்று ஒரு வசனம் வந்தால் என்ன செய்வது? வலஞ்சுழிப் போக்கு, இடஞ்சுழிப் போக்கு என்பவை எங்களுக்குக் கைப்பழக்கமான சொற்கள். திருப்பத்துக்கு முகம் என்று சொல்ல வாய் வராது.

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

லாரிப் பெட்டியையும் சாய்தளக் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், இருவருக்கும் நன்றி. உராய்வுப் பகுதியை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

"உராய்வின் கோடு: இரண்டு பரப்பும் தொடும் இடத்தில், பரப்பின் வழியே. முகம்: உராய்வே இல்லை என்றால் இந்தப் பொருள் அந்தப் பரப்பின் மேல் எந்தப் பக்கம் வழுக்கும்? அதற்கு எதிர்ப்பக்கம். (ஏற்கனவே வழுக்கிக்கொண்டிருந்தால், இப்போது வழுக்கும் பக்கத்துக்கு எதிர்.) அளவு: வழுக்குகிறதா, நிற்கிறதா என்று தீர்மானித்தாயா? வழுக்கினால் மட்டும் குணகத்தால் பெருக்கு. குறி: நீ நேர் என்று எடுத்த பக்கமும் அம்பின் முகமும் ஒன்றா? எதிரானால் ஒரே ஒரு மைனஸ்."

கயிற்றுக்கு ஒரு வரி தனியாக உண்டு. தொங்கும் பொருளின் எடையையே இழுவிசையாக எழுதிவிடும் பழக்கம் விடவே மாட்டேன் என்கிறது. மேலுள்ள கணக்கில் இழுவிசை 30 அல்ல, 28.7. தொங்குவது கீழ்நோக்கி முடுக்கம் அடைவதால் எடையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வர வேண்டும். 30-ஐத் தாண்டினால் எங்கோ ஒரு குறி புரண்டிருக்கிறது என்று மாணவரே கண்டுபிடிக்கலாம்.

எடைக்கு "எடை" என்றும் கிலோகிராமில் உள்ளதற்கு "கிலோகிராம் மதிப்பு" என்றும் எழுதி, நிறை, திணிவு இரண்டையும் தவிர்த்துவிட்டேன். நேர்கோட்டு விசைக்கு முகம். சுழற்சிக்கு வலஞ்சுழி, இடஞ்சுழி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், பின்னால் சொல் எதுவும் சேர்க்கவில்லை.

அறிவியல் மொழிபெயர்ப்பாளர்:

சுழற்சிக்கு அது போதும் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற வேண்டுமானால், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்று ஆசிரியர் ஐயா கேட்பார்.

யாழ்ப்பாணத்து இணைந்த கணித ஆசிரியர்:

கேட்பேன். உங்கள் பக்கத்தில் முகம் இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பிரதியில் போக்கு என்றே அச்சிட்டு, லாரிப் பெட்டிக் கணக்கை அதன் கீழேயே போடுகிறேன்.